'கெமிக்கல் ஃப்ரீ' லேபிளை நம்பிச் செய்யும் தவறுகள்

'கெமிக்கல் ஃப்ரீ' க்ரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொருட்பட்டியலில் பெரும்பாலும் முதலில் இருப்பது 'அக்வா', அதாவது தண்ணீர். அதுவும் கெமிக்கல்தான். தேங்காயெண்ணெயின் லாரிக் அமிலமும், ரோஜா மணத்தைத் தரும் ஜெரானியாலும் அப்படியே. கெமிக்கலே இல்லாத பொருளைக் கொண்டுவந்தால் 10 லட்சம் பவுண்டு தருவதாக 2008இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அறிவித்தது, அப்படி ஒன்று இருக்க முடியாது என்று தெரிந்தேதான். லேபிளில் அந்த வார்த்தை சொல்ல வருவதெல்லாம், விற்பவர் ஏதோ சிலவற்றைச் சேர்க்கவில்லை என்பதுதான். எவற்றை என்பதைச் சொல்வதில்லை.

பிரிசர்வேட்டிவைத் தூக்கிவிடுவது

வீட்டில் செய்து விற்பவர்கள் அந்த லேபிளுக்காக முதலில் கைவைப்பது இதில்தான். எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு.

கற்றாழை ஜெல்லில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில் சர்க்கரைச் சத்து. கிருமி வளர இதற்கு மேல் என்ன வேண்டும்? ஃப்ரிட்ஜில் வைத்தாலும் வளர்ச்சி மெதுவாகுமே தவிர நிற்காது. புளித்த வாடை, கலங்கல், மூடி உப்புவது எல்லாம் கடைசிக் கட்டம்தான். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் ஜெல்லிலேயே சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா பெருகியிருக்கலாம். கண்ணோரமோ பரு கிள்ளிய இடத்திலோ தடவினால் தொற்று வரலாம்.

சேர்ப்பவர்களும் பாதியில் கோட்டை விடுகிறார்கள். 100 கிராம் ஜெல்லுக்கு அரை கிராம் சோடியம் பென்சோயேட் போட்டுவிட்டு, பிஹெச் பார்ப்பதில்லை. கிருமியைத் தடுப்பது பென்சோயேட் அல்ல, புளிப்பில் அது மாறி உண்டாகும் பென்சாயிக் அமிலம். பிஹெச் 4.2இல் பாதி அப்படி மாறியிருக்கும், 5.2இல் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, 6.2இல் சுமார் 1 சதவீதம்தான். எனவே பென்சோயேட்டைக் கரைத்த பிறகு பிஹெச் தாளில் பாருங்கள். கூடுதலாக இருந்தால், தண்ணீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 4.5க்குக் கீழே கொண்டுவாருங்கள். விற்பதாக இருந்தால் ஆய்வகத்தில் நுண்ணுயிர்ச் சோதனையும் தேவை.

தண்ணீரே இல்லாத எண்ணெய்க்கும் தைலத்துக்கும் பிரிசர்வேட்டிவ் வேண்டாம். ஈரக் கை உள்ளே போனால் அந்தச் சலுகை போய்விடும்.

வைட்டமின் ஈ போட்டால் போதும் என்பது

போதாது. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். பாக்டீரியாவைத் தடுக்காது.

சோப்பில் காஸ்டிக் சோடா இல்லை என்று எழுதுவது

ஒரு கிலோ தேங்காயெண்ணெயைச் சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அது இல்லாமல் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். அளவு சரியாக இருந்தால், முடிந்த சோப்பில் காஸ்டிக் மிஞ்சாது. பயந்து குறைத்துப் போட்டால் கட்டி பிசுபிசுக்கும், கூட்டிப் போட்டால் தோல் எரியும்.

எலுமிச்சைச் சாறு இயற்கைதானே என்று தடவுவது

அதன் பிஹெச் 2 முதல் 3. தடவிக்கொண்டு வெயிலில் போனால் சாற்றிலும் எலுமிச்சைத் தோலிலும் உள்ள ஃபியூரானோகூமாரின் என்ற பொருட்கள் கொப்புளம் போட வைக்கலாம். கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.