கல்வெட்டுப் படம் வந்தால்: எதுவரை படிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்

“எங்க ஊர்க் கோயில் சுவத்துல இருக்கு, படிச்சுச் சொல்லுங்க” என்று ஒரே ஒரு படம் வாட்ஸப்பில் வரும். கல்லில் பாதி வெயில், பாதி நிழல், ஓரத்தில் யாரோ ஒருவரின் செருப்பு. அதிலிருந்து எவ்வளவு சொல்லலாம் என்பதைச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை வைத்துப் பார்ப்போம். தொடங்குபவர்கள் கையில் அதிகம் சிக்குவதும் இந்த வகைதான்.

1. முதலில் வேறு படம் கேளுங்கள்

நேர் எதிரே நின்று, உச்சி வெயிலிலோ பிளாஷ் போட்டோ எடுத்த படத்தில் எழுத்தின் பள்ளமும் கல்லின் பொளிவும் ஒரே மாதிரித் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, சுவரை உரசிக்கொண்டு விழ வேண்டும். மாலை இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோரம் பிடித்து எடுத்தால் போதும். முதலில் இடப்பக்க வெளிச்சத்தில் ஒன்று, பிறகு மேலிருந்து ஒன்று. படுக்கைக் கோடுகள் ஒன்றில் மறைந்தால் மற்றதில் தெரியும். கீழிருந்து வெளிச்சம் அடித்தால் பள்ளமான எழுத்து புடைப்பாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும்.

படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, மெல்லிய கீறல்கள் கரைந்துவிடும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்பு, எண்ணெய், மாவு பூசுவது, கம்பிப் பிரஷ் போடுவது எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று தேய்த்துவிடுபவர்கள் நிறைய.

அடுத்து, பக்கத்துக் கற்களின் படம் வேண்டும். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் வெட்டிய வரி ஒரு கல்லோடு முடிவதில்லை, சுவர் நெடுக ஓடும். ஒரு கல்லை மட்டும் படித்தால் பத்து வரிகளின் நடுத்துண்டுகள்தான் கிடைக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்துப் பொருள் சொன்னால் அது கற்பனை. திருப்பணியில் கற்களை இடம் மாற்றியோ தலைகீழாகவோ அடுக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டு கற்களின் இணைப்பில் ஒரு எழுத்தின் பாதி இங்கும் பாதி அங்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அவை அடுத்தடுத்த கற்கள் அல்ல.

2. எந்த எழுத்து?

மலைக்குகையின் நெற்றியில் கோடுகளால் ஆன சிறு எழுத்தென்றால் தமிழி என்னும் தமிழ் பிராமியாக இருக்கலாம். பாண்டிய நாட்டிலோ தருமபுரி, செங்கம் பக்க நடுகற்களிலோ வளைந்து வளைந்து ஓடினால் வட்டெழுத்தா என்று பாருங்கள். இவை இரண்டும் தனிப் பயிற்சி கேட்பவை. தெரியாமல் இன்றைய எழுத்தோடு ஒப்பிட்டு ஊகிக்க வேண்டாம். சோழர் காலத் தமிழெழுத்தில் க, ட, ப, ம போன்ற பல எழுத்துகள் ஓரளவு கண்ணுக்குப் பழகியவையாக இருக்கும். தொடக்கத்தில் வரும் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’யும் இடையே வரும் ஜ, ஸ போன்ற வடவெழுத்துகளும் கிரந்தத்தில் இருக்கும்.

3. பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. இரட்டைக் கொம்பு பிற்காலத்தது. இதற்கு மேல் காலும் ரகரமும் ஒரே வடிவத்தில் இருக்கும். அதனால் கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்கள் வரிசையாக நின்றால் அது கொ, கோ, கெர, கெர், கேர, கேர் என எதுவாகவும் இருக்கலாம். எது என்பதை அடுத்து வரும் எழுத்துகள்தாம் தீர்மானிக்கும்.

ஆகவே, முதல் படியில் புள்ளி சேர்க்காதீர்கள், சொல் பிரிக்காதீர்கள், வரி எண் போடுங்கள். ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள். அழிந்த இடத்தில் எத்தனை எழுத்துக்கு இடமிருக்கிறதோ அத்தனை புள்ளிகள். மாதிரிக்காக அமைத்த ஒரு வரி இதோ:

1. கொவிராஜகெஸரிபநமறகுயாணடு.௰௫ஆவது

இரண்டாவது படியில்தான் பிரித்து எழுத வேண்டும்: கோவிராஜகேஸரிபந்மற்கு யாண்டு .௰௫ ஆவது. இரண்டு படிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒருவர் உங்கள் பிரிப்பை மறுத்தால் முதல் படிதான் சான்று.

4. காலம் சொல்லும்போது

‘இராசகேசரி’ ஒருவரின் பெயரல்ல. சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிச் சூடிய பட்டம். அரசனின் புகழைப் பாடும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தி இல்லாமல் வெறும் பட்டத்தோடு நீண்ட ஆட்சியாண்டும் வந்தால் முதலில் எண்ண வேண்டியவர்கள் முதலாம் ஆதித்தன் (சுமார் 871–907), சுந்தர சோழன் (ஆட்சித் தொடக்கம் சுமார் 957), முதலாம் இராசராசன் (985–1014).

இப்போது அந்த எண்ணைப் பாருங்கள். பழைய முறையில் ௰ என்றால் பத்து, ௰௫ என்றால் 15, ௨௰௫ என்றால் 25. நம் வரியில் ௰ குறிக்கு முன்னால் கல் பெயர்ந்திருக்கிறது. அங்கே எழுத்தே இல்லையென்றால் ஆண்டு 15, மூவருமே பொருந்துவார்கள். ௨ இருந்திருந்தால் 25. சுந்தர சோழனுக்கு அத்தனை நீண்ட ஆட்சி இல்லை, ஆகவே அவர் விலகுவார். மற்ற இருவரில் ஆதித்தன் என்றால் சுமார் 895, இராசராசன் என்றால் சுமார் 1010. அரசர் யார் என்பதைப் பொறுத்து நூறு ஆண்டுக்கு மேல் வேறுபாடு.

இராசராசன் தன் 8ஆம் ஆண்டு வாக்கிலிருந்து ‘திருமகள் போல’ என்ற மெய்க்கீர்த்தியோடு கல்வெட்டுகளைத் தொடங்குகிறான். ஆனால் எல்லாவற்றிலும் அது வருவதில்லை. எனவே அது இல்லாததை மட்டும் வைத்து அவனை விலக்க முடியாது. எழுத்தின் வடிவம், அதாவது எழுத்தமைதி, உதவும். அதுவும் இன்ன நூற்றாண்டு என்று சொல்லுமே தவிர இன்ன ஆண்டு என்று சொல்லாது. வெட்டியவரின் கைப்பழக்கமும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

5. வாய்பாடு தெரிந்ததால் வரும் ஆபத்து

அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கான தானங்களை நாலைந்து படித்துவிட்டால், விளக்கின் நெய்க்காக விடும் ஆடுகளைக் குறிக்கும் ‘சாவா மூவாப் பேராடு’ என்பதைப் பாதி பார்த்ததுமே மீதியை மனம் நிரப்பிவிடும். சொற்றொடரை நிரப்புவது தவறில்லை, அடைப்புக்குள் போட்டால் சரி. ஆனால் ஆட்டின் எண்ணிக்கையை அப்படி நிரப்பக் கூடாது. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு என்று வரும் கல்வெட்டுகள் பல, தொண்ணூறு என்று வருவனவும் உண்டு. எண், ஊர்ப்பெயர், ஆள்பெயர் மூன்றும் கல்லில் தெரிந்தால் மட்டுமே எழுத வேண்டியவை. படம் அனுப்பியவர் தேடுவதும் பெரும்பாலும் அந்த ஊர்ப்பெயரைத்தான், அதனால் தூண்டுதல் அதிகம்.

6. பதில் இப்படி இருக்கட்டும்

“இது தமிழெழுத்து. தொடக்கத்தில் இராசகேசரி என்ற சோழப் பட்டம் தெளிவாக இருக்கிறது. ஆட்சியாண்டில் ௰௫ என்ற குறிகள் உறுதி, அவை மட்டும் என்றால் 15. அதற்கு முன் ஓர் இலக்கம் அழிந்திருந்தால் 25 ஆகலாம். அரசர் யார் என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கலாம். வலப்பக்கக் கல்லின் படம் வந்தால் என்ன தானம் என்று பார்க்கலாம்.”

அனுப்பும் முன் ஒரு வேலை பாக்கி. இந்தியத் தொல்லியல் துறையினர் 1887 முதல் ஆண்டறிக்கைகளில் தாம் படியெடுத்த கல்வெட்டுகளைப் பதிந்து வந்திருக்கிறார்கள். பலவற்றின் முழுப்பாடம் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளில் இருக்கிறது. ஊர்ப்பெயர், கோயில் பெயர், ‘கருவறை வடசுவர்’ என்பது போன்ற இடக்குறிப்பு மூன்றையும் வைத்துத் தேடுங்கள். ஊர்ப்பெயர் அன்றைய வட்டத்தின் கீழ், வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கலாம். கிடைத்தால் அந்தப் பாடத்தை உங்கள் முதல் படியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இன்று பெயர்ந்து கிடக்கும் அந்த இலக்கம் அவர்கள் மை தடவித் தாளில் மசிப்படி எடுத்த நாளில் முழுதாக இருந்திருக்கலாம். எங்கும் பதிவில்லையென்றால் படங்களோடு மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கும்படி அனுப்பியவரிடம் சொல்லுங்கள்.