செத்துப்போன டிவி: போர்டு மாற்றும் முன் ஸ்டாண்ட்பை வோல்டேஜைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்ட லயத்திலிருந்து போன மாதம் ஒரு பாட்டி 32 இஞ்ச் எல்சிடி டிவியைக் கொடுத்தனுப்பினார். சிவப்பு விளக்குகூட எரியவில்லை. முன்பு பார்த்தவர் மெயின் போர்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தாராம்.

பின்பக்கத்தைக் கழற்றி, பவர் சப்ளை போர்டில் பெரிய கெப்பாசிட்டரின் இரு காலிலும் அளந்தேன். சுமார் 330 வோல்ட் இருந்தது, அப்படியென்றால் ஃபியூஸ், டையோடு எல்லாம் நலம். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிரை எடுக்கும், ரெசிஸ்டர் வைத்து வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.) அப்புறம், டிவி அணைந்திருக்கும்போதும் மெயின் போர்டுக்கு வோல்டேஜ் கொடுக்கும் ஸ்டாண்ட்பை லைனை அளந்தேன். கறுப்பு முனையை செகண்டரி கிரவுண்டில்தான் வைக்க வேண்டும், பிரைமரி பக்கம் வைத்தால் அளவு தப்பாக வரும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 3.1 வோல்ட், அதுவும் ஆடிக்கொண்டே இருந்தது.

இங்கேதான் பலர் மெயின் போர்டை வாங்கிவிடுகிறார்கள். நான் பிளக்கைப் பிடுங்கி, மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிவிட்டு, பிளக்கை மாட்டி மறுபடி அளந்தேன். 5 வோல்ட்டுக்கு ஏறியிருந்தால் மெயின் போர்டில் ஷார்ட் இருக்கிறதா என்று தேடியிருப்பேன். ஏறவில்லை, அதே 3.1. ஆக, கோளாறு பவர் போர்டில்தான்.

ஸ்டாண்ட்பை டையோடுக்குப் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர். தலை லேசாகத்தான் உப்பியிருந்தது, விரலால் தடவினால்தான் தெரியும். அதே மதிப்பில் 16 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகை ஒன்றைப் போட்டேன். 5.1 வோல்ட், ஆடவே இல்லை. கனெக்டரை மாட்டியதும் சிவப்பு விளக்கு வந்தது. சாயங்காலமே பாட்டி வீட்டில் செய்தி ஓடியது.