தசை வளர வாரத்துக்கு எத்தனை செட்?

ஒரு தசைக்கு வாரம் 10 செட்டில் ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். இன்னும் ரெண்டு மூணு ரெப்தான் முடியும் என்ற நிலை வரை போன செட்டை மட்டும் எண்ணுங்கள். வார்ம்-அப் கணக்கில் வராது.

செட் கூடினால் வளர்ச்சியும் கூடும், உண்மைதான். ஆனால் 5-லிருந்து 10-க்குப் போகும்போது கிடைக்கிற பலன் 15-லிருந்து 20-க்குப் போகும்போது கிடைக்காது.

நெஞ்சுக்கு ஒரே நாளில் 16 செட் போடுபவரைப் பாருங்கள். முதல் செட்டில் 60 கிலோவை 10 தடவை தூக்கியவர் கடைசியில் 40 கிலோவுக்கே திணறுவார். அதையே திங்கள் 8, வியாழன் 8 என்று பிரித்தால் ஒவ்வொரு செட்டும் உருப்படியாக இருக்கும். பெஞ்ச் பிரஸ்ஸில் டிரைசெப்ஸும் உழைக்கிறது. அதைப் பாதி செட்டாக எண்ணினாலே 16-ல் 8 வந்துவிடும். பிறகு தனியாக இன்னொரு 15 எதற்கு?

கூட்டித்தான் ஆகணும் என்றால் வார மொத்தத்தில் 2 செட் மட்டும் கூட்டி, ஒரு மாதம் கவனியுங்கள். அதே எடையில் ரெப் ஏறினால் தொடரலாம். ரெப் இறங்கி, அடுத்த பயிற்சி நாள் வரை தசைவலி விடாமல் இருந்தால், கூட்டியதை எடுத்துவிடுங்கள்.