மாதிரி நன்றாக இருந்தது, சரக்கு துருப்பிடித்தது

புதிய சப்ளையரிடம் வாங்கிய துருப்பிடிக்காத எஃகு ஃபிளாஞ்சுகளில் பத்தே நாளில் பழுப்புப் புள்ளிகள். சோதனை ஆர்டரில் வந்த 20 எண்ணத்தில் ஒரு குறையும் இல்லை. பதிவுச் சான்றிதழ், வரி ஆவணம், அவர் கொடுத்த இரண்டு வாடிக்கையாளர்களின் பரிந்துரை எல்லாம் சரியாகவே இருந்தன.

முதலில் எங்கள் கிடங்கின் ஈரப்பதத்தைச் சந்தேகித்தோம். அப்புறம் பேக்கிங்கை மாற்றச் சொன்னோம். நான்கு நாள் வீண்.

கடைசியில் சோதனை ஆர்டருக்கும் பெரிய ஆர்டருக்கும் வந்த இரண்டு சோதனைச் சான்றிதழ்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே ஹீட் நம்பர், அதாவது உருக்கிய தொகுதியின் எண். ஆனால் பெரிய ஆர்டரில் வந்த ஃபிளாஞ்சுகளின் விளிம்பில் குத்தியிருந்த எண் வேறு. மாதிரியின் சான்றிதழையே மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். எஃகு ஆலையின் முகவரியை நானே தேடி எழுதிக் கேட்டேன். விளிம்பில் இருந்த எண் தங்களுடையதே அல்ல என்று பதில் வந்தது.

காரணம் சப்ளையரின் கணக்கிலேயே இருந்தது. கொடுக்க வேண்டிய பாக்கியை ஆண்டுக் கொள்முதலால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், பணம் கட்ட எடுத்துக்கொண்ட காலம் தெரியும்: முந்தைய ஆண்டு 45 நாள், இந்த ஆண்டு 110 நாள். பழைய ஆலை கடனை நிறுத்தியதும், கடன் தந்த இடத்தில் வாங்கியிருக்கிறார்கள்.

சரக்கைத் திருப்பிவிட்டோம். அடுத்த சப்ளையரிடம், அவரிடம் வாங்குவதை நிறுத்திய ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கினேன். சோதனை ஆர்டரை ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த ஃபிளாஞ்சுகளில் குத்திய எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்ட பிறகே பட்டியலில் சேர்த்தோம். நிம்மதி.