கிளாஸ் அயனோமரா, காம்போசிட்டா: செய்முறைத் தேர்வில் மாணவர்கள் சறுக்கும் இடம்

கோலாலம்பூரில் பல் மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வுகளில் தேர்வாளராக உட்காரும்போதெல்லாம், மாணவப் பருவத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைக் காண்கிறேன். சொத்தைக் குழியை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்டின் பொடியை அளவு தவறிக் கலப்பதையும், பல்நிறப் பிசின் அடைப்பான காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக வைத்து ஒளி பாய்ச்சுவதையும் கிளினிக்கில் ஆசிரியரே திருத்திவிடுவார் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பொருளிலிருந்து தொடங்கும் பதில்

"ஏன் கிளாஸ் அயனோமரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால், "ஃபுளோரைடு வெளியிடும், டாக்டர்" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. அது பொய்யன்று, ஆனால் எந்த வாயில், எந்தக் குழியில் வைத்தாலும் அந்தச் சிமெண்ட் ஃபுளோரைடு வெளியிடத்தான் செய்யும். எல்லாக் குழிக்கும் பொருந்தும் ஒரு காரணம், முன்னால் இருக்கும் இந்தக் குழிக்குக் காரணமாகாது. தவிரவும், வெளியீடு முதல் சில நாள்களில் மிகுந்திருந்து பின்னர் விரைவாகக் குறைந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பதில் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஏனெனில் இப்படிப் பொருளின் குணத்தை மட்டும் நினைத்து முடிவெடுத்ததன் விலையை, என் நோயாளி ஒருவர் கொடுத்தார்.

அறுபது வயதைக் கடந்த அந்த அம்மாவுக்கு, இடது கீழ் முன்கடைவாய்ப்பல்லில் (34) கழுத்துப் பகுதியில் சொத்தை இருந்தது. குழியின் மேல் விளிம்பில் மெல்லிய எனாமல் இருந்தது. கீழ் விளிம்போ ஈறுக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே, வேரின் மீது இருந்தது. ஈறு வீங்கி, தொட்டாலே இரத்தம் கசிந்தது. இரத்த அழுத்த மாத்திரைகளால் வாய் உலர்ந்திருந்தது; நாளுக்கு மூன்று முறை இனிப்பான தே தாரிக் குடிக்கும் பழக்கமும் இருந்தது. பல்லின் நிறத்துக்கு அழகாகப் பொருந்தும் என்ற ஒரே காரணத்துக்காக நான் காம்போசிட்டைத் தேர்ந்தெடுத்தேன். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் டேம் அந்த விளிம்புக்குக் கீழே நிற்கவில்லை என்பதால், பஞ்சு வைத்து இரத்தத்தை ஒற்றியெடுத்துவிட்டு, காம்போசிட்டை ஒட்டவைக்கும் பாண்ட் பூசினேன். ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, ஈறோரத்தில் பழுப்புக் கோடு ஓடியிருந்தது. புரோப் அந்த இடைவெளியில் மாட்டியது, உள்ளே சொத்தை மீண்டும் தொடங்கியிருந்தது.

காரணம் எளியது. காம்போசிட் எனாமலில் உறுதியாகப் பிடிக்கிறது, ஏனெனில் பாஸ்பாரிக் அமிலம் அங்கே உண்டாக்கும் நுண்துளைகளுக்குள் பிசின் புகுந்து இறுகுகிறது. வேரின் மீது எனாமல் இல்லை. பல்லின் உள்ளடுக்கான டென்டினில் கிடைக்கும் பிணைப்பு அதைவிட நம்பகம் குறைந்தது, இரத்தமும் எச்சிலும் பட்டால் அதுவும் கெடும். இறுகும்போது காம்போசிட் சுருங்குவதால், பலமான எனாமல் விளிம்பில் ஒட்டிக்கொண்டு பலவீனமான ஈறோர விளிம்பிலிருந்து அது பிரிகிறது. கிளாஸ் அயனோமரோ, பல்லிலுள்ள கால்சியத்துடன் வேதியியல் முறையில் பிணைகிறது. சிறிது ஈரத்தைத் தாங்கும். இரத்தத்தை அது தாங்காது என்பதால், ஈறை ஒதுக்கும் நூல் அங்கேயும் வேண்டும்.

ஆகவே தேர்வில் பதில் குழியிலிருந்து தொடங்க வேண்டும். "கீழ் விளிம்பு வேரின் மீது இருக்கிறது, ரப்பர் டேமால் அதை உலர்வாக வைக்க முடியவில்லை, மெல்லும் விசை இங்கே நேரடியாக விழவில்லை, வாய் உலர்ந்திருப்பதால் சொத்தை அபாயம் அதிகம், அதனால் கிளாஸ் அயனோமர்" என்று ஒரு மாணவி அண்மையில் சொன்னபோது, ஃபுளோரைடு கடைசியில் துணைக் காரணமாக வந்து அமர்ந்தது. அடுத்து, "எது மாறினால் உங்கள் முடிவு மாறும்?" என்று கேட்டேன். விளிம்பு முழுவதும் எனாமலில் இருந்து, டேமும் நின்றால் காம்போசிட் வைப்பேன் என்றார். அதே நோயாளியின் கடைவாய்ப்பல்லில் இரண்டு பல் சந்திக்கும் பக்கத்தில் குழி இருந்தால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, அங்கே கடிவிசையில் கிளாஸ் அயனோமர் உடையக்கூடும் என்பதால் காம்போசிட் என்றும், ஈறோர விளிம்பு டென்டினில் இருந்தால் அடியில் கிளாஸ் அயனோமரும் மேலே காம்போசிட்டும் என்றும் விளக்கினார். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

பளபளப்பு போன சிமெண்ட்

கலந்த கிளாஸ் அயனோமரின் மேற்பரப்பு மங்கிவிட்டால், பல்லுடன் பிணைய வேண்டிய அமிலம் பொடியிலேயே செலவாகிவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

நிறத்தேர்வு

ரப்பர் டேம் போடுவதற்கு முன்பே ஷேடு பாருங்கள். உலர்ந்த பல் வெளுத்துக் காட்டும்.

அவசர மெருகு

சாதாரண கிளாஸ் அயனோமரை அன்றே மெருகேற்றித் தேர்வாளரிடம் காட்டும் ஆசை மாணவர்களிடம் அதிகம். முதல் நாளில் அது நீரை உறிஞ்சவும் செய்யும், காற்றில் உலர்ந்து வெடிக்கவும் செய்யும். எனவே அதிகப்படியானதை மட்டும் நீக்கி, வார்னிஷ் பூசி அனுப்பிவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் கழித்து நீர் பாய்ச்சியபடி மெருகேற்ற வேண்டும். இதைச் சொல்லிவிட்டு வேலையை அந்த நிலையிலேயே நிறுத்தும் மாணவருக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை.