இரைப்பை மாதிரியில் தேசிக்காயை மாற்றிய கதை

உப்புவெளியில் மாலையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். சமிபாட்டுத் தொகுதிக்கு வழக்கமான மாதிரிதான்: பொலித்தீன் பை இரைப்பை, பழைய நைலோன் காலுறை சிறுகுடல். நொறுக்கிய கிறீம் கிறாக்கரைத் தண்ணீரோடு பையில் பிசைந்து, அமிலத்துக்குத் தேசிக்காய்ச் சாறு விட்டு, காலுறையில் ஊற்றிப் பிழிவோம். கோப்பையில் கலங்கல் நீர் இறங்கும். "சத்து இரத்தத்துக்குப் போயிட்டுது சேர்" என்பார்கள் பிள்ளைகள்.

போனது சத்தா, மாவா? அயடின் விட்டால் தெரியும், மா இருந்தால் நீலமாகும். ஆனால் விட்ட துளியின் நிறம் நீலமாகாமலே மறைந்தது. காரணம் தேசிக்காய். அதிலுள்ள விற்றமின் சி அயடினை நிறமற்றதாக்கிவிடும். அடுத்த முறை சாற்றுக்குப் பதில் வெள்ளை வினாகிரி விட்டேன். இம்முறை கோப்பை நீர் கருநீலமானது. அதாவது மாப்பொருள் உடையாமலே ஒழுகியிருக்கிறது. காலுறை வெறும் வடிகட்டி. நிஜக் குடலில் நொதியங்கள் மாப்பொருளைக் குளுக்கோசாக உடைத்த பிறகுதான் சுவர் அதை உறிஞ்சும். பிழிவதால் அல்ல.

அப்புறம் கேள்விகளையும் மாற்றினேன். "சிறுகுடல் எங்கே?" என்றால் விரலால் காட்டிவிடுவார்கள், புரிந்ததா என்று தெரியாது. இப்போது கேட்பது: "கோப்பை நீர் ஏன் நீலமானது? இதில் நீலமே வராதிருக்க என்ன சேர்க்க வேண்டும்?" "இன்னும் சின்னக் கண் உள்ள காலுறை" என்று சொல்பவருக்கு வடிகட்டல்தான் மனதில் இருக்கிறது. "உமிழ்நீர்" என்று சொன்ன பிள்ளைக்கு மாப்பொருளை உடைக்கும் நொதியம் மனதில் இருக்கிறது. வினாகிரியின் அமிலத்தில் அந்த நொதியம் வேலை செய்யாது என்பதால், கஞ்சித் தண்ணீரைக் கொடுத்துச் செய்து பார்க்கச் சொன்னேன்.