‘டாக்டர்’ என்று போட்டால் மட்டும் போதாது: எழுதியவர் பக்கத்தில் நடக்கும் தவறுகள்

பலர் சேர்ந்து எழுதும் ஓர் உடல்நலத் தளத்தில், இன்சுலின் ஊசி பற்றிய கட்டுரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்புக்குக் கீழே ‘டாக்டர்’ என்று ஆரம்பிக்கும் ஒரு பெயர். பெயரைத் தட்டினால், “எழுத்திலும் பயணத்திலும் ஆர்வம் கொண்டவர்” என்று இரண்டு வரி. அவ்வளவுதான். நம்மூரில் எம்.பி.பி.எஸ். படித்தவரும் டாக்டர், பல் மருத்துவரும் டாக்டர், சித்த மருத்துவரும் டாக்டர். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவரும் அப்படியே போட்டுக்கொள்கிறார். ஊசியின் அளவை மாற்றலாமா என்று தேடி வந்தவருக்கு இதில் எவர் எழுதினார் என்பது தெரிந்தே ஆக வேண்டும்.

எனவே பட்டத்தை முழுதாகப் போடுங்கள். எந்தத் துறை, எத்தனை ஆண்டு அனுபவம், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்பதும் வேண்டும். எண் இருந்தால் வாசகரே பதிவேட்டில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்; சரிபார்க்க முடியாத தகுதி வெறும் அலங்காரம்தான்.

பட்டம் இல்லாதவரை மறைப்பது இன்னொரு தவறு. பன்னிரண்டு வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்பவர், ஊசியை வெளியூருக்கு எப்படி எடுத்துப் போவது என்று எழுதினால் அந்த அனுபவமே தகுதி. அதை அப்படியே சொல்லுங்கள். கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ‘நேரடி அனுபவம்’ என்பதைத் தனியாகச் சேர்த்தது. ஆனால் அதே நபர் மருந்தின் அளவைப் பற்றி எழுதினால் மருத்துவர் ஒருவர் படித்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் பெயரும் பார்த்த தேதியும் எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே வர வேண்டும்.

அடுத்தது தேடுபொறிக்குக் கொடுக்கும் தகவல். “எழுதியவர்: டாக்டர் இன்னார், எம்.டி.” என்று எல்லாவற்றையும் `name` புலத்திலேயே அடைத்துவிடுகிறார்கள். அங்கே பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும். மற்றதற்குத் தனி இடம் உண்டு:

```json
"author": {
  "@type": "Person",
  "name": "பெயர் மட்டும்",
  "honorificPrefix": "டாக்டர்",
  "jobTitle": "நீரிழிவு மருத்துவர்",
  "url": "https://example.com/author/peyar"
}
```

இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிவு வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, ஒருவர் விலகும்போது நடப்பது. வேர்ட்பிரஸில் அவர் கணக்கை நீக்கப் போனால், அவர் எழுதியவற்றை என்ன செய்வது என்று கேட்கும். அவசரத்தில் `Attribute all content to` என்பதைத் தேர்ந்தெடுத்து `admin` பெயருக்கு மாற்றிவிடுகிறார்கள். ஒரே நொடியில் மருத்துவர் எழுதிய கட்டுரையெல்லாம் ‘அட்மின்’ எழுதியதாகிவிடும். அவருடைய பக்கமும் காணாமல் போய்விடும். கணக்கை நீக்காமல் அதன் உரிமையை `Subscriber` ஆகக் குறைத்து, கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அவர் பக்கத்தில் எந்த ஆண்டு வரை எழுதினார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.